கிரியேட்டர் கணக்குக்கு மாறும்போது கவனிக்க வேண்டியவை

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கம் கடல் வீடியோ போடுகிறவர்கள் பெரும்பாலும் இன்ஸ்டாகிராமில் தனிப்பட்ட கணக்கில்தான் ஆரம்பிக்கிறார்கள். பார்வை கூடியதும் யாராவது ஒருவர் "புரொஃபஷனலுக்கு மாத்து" என்பார். அப்படி மாறப் போனால் அங்கே கிரியேட்டர், பிசினஸ் என்று இரண்டு வழி பிரிகிறது. எது வேண்டும் என்பதை முடிவு செய்துகொண்டு உள்ளே போவது நல்லது.

தங்கச்சிமடத்தில் நாட்டுப்படகு மீன்பிடிப்பை ரீலாகப் போடும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். வீட்டில் அம்மா கருவாடு போட்டு விற்கிறார். வீடியோவைப் பார்த்து "கருவாடு அனுப்புவீங்களா?" என்று கமெண்டில் கேட்கிறார்கள். வியாபாரம்தானே என்று பலரும் நேராக பிசினஸ் கணக்கைத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். சில நாளில் ரீலுக்குப் பாட்டு போடப் போனால், நேற்றுவரை இருந்த சினிமாப் பாட்டுகள் பலவற்றைக் காணோம் என்பார்கள். போனில் கோளாறு ஒன்றும் இல்லை. அந்தப் பாட்டுகளுக்கு வாங்கப்பட்ட உரிமம் வியாபாரப் பயன்பாட்டுக்கு அல்ல. அதனால் பிசினஸ் கணக்குக்கு, ராயல்டி இல்லாத இசைத் தொகுப்புதான் முக்கியமாகக் கிடைக்கும். கிரியேட்டர் கணக்கில் பாட்டு நூலகம் ஏறக்குறைய தனிப்பட்ட கணக்கில் இருப்பதுபோலவே இருக்கும். ஆனால் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு போடும் ரீலுக்கு, கிரியேட்டர் கணக்கானாலும் அந்தப் பாட்டுகளைப் பயன்படுத்தக் கூடாது. படகு எஞ்சின் சத்தமும் அலைச் சத்தமும் நீங்களே பதிவு செய்தது என்றால் எந்தக் கணக்கிலும் சிக்கல் இல்லை. கடல் வீடியோவுக்கு அதுதான் எடுப்பாகவும் இருக்கும்.

எனவே வீடியோ கணக்கு கிரியேட்டராக இருக்கட்டும். கருவாட்டுக்குத் தனியாக ஒரு பிசினஸ் கணக்கு போதும். ஒரே ஆப்பில் ஐந்து கணக்குவரை சேர்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதால் இன்னொரு போன் தேவையில்லை.

மாற்றும் வழி இது. புரொஃபைலில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று கோட்டைத் தொட்டு, கீழே இறங்கி Account type and tools, அதற்குள் Switch to professional account. அடுத்து வகை கேட்கும். Digital creator, Video creator போன்றவற்றில் பொருந்துவதை எடுங்கள். அந்த வகைப் பெயர் புரொஃபைலில் தெரிய வேண்டுமா என்பதற்கு அங்கேயே ஒரு சுவிட்ச் இருக்கும். பிடிக்காவிட்டால் அணைத்துவிடலாம், கணக்குக்கு ஒன்றும் ஆகாது. பிறகு Creator, Business என்று கேட்கும்போது Creator. பேஸ்புக் பக்கத்தோடு இணைக்கச் சொன்னால் தாண்டிப் போகலாம். (ஆப் புதுப்பிக்கப்படும்போது இந்தப் பெயர்கள் சற்று இடம் மாறும், வரிசை ஏறக்குறைய இதுதான்.)

தனிப்பட்ட கணக்கைப் பூட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். புரொஃபஷனல் கணக்கு எதுவானாலும் எல்லோருக்கும் திறந்தே இருக்கும், பூட்ட முடியாது. அனுமதி கேட்டுக் காத்திருக்கும் ஃபாலோ கோரிக்கைகளும் திறந்தவுடன் தானாக ஏற்கப்பட்டுவிடும். வீட்டுப் பெண்பிள்ளைகளின் படமும் குழந்தைகளின் படமும் உள்ள கணக்கை மாற்றுவதற்கு முன், அந்தக் கோரிக்கைகளை நீக்கிவிட்டு, பழைய பதிவுகளையும் ஒருமுறை பார்த்து, வேண்டாததை ஆர்க்கைவில் போட்டுவிடுங்கள்.

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது தொடர்பு விவரத் திரையில். கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சலும் போன் எண்ணும் அங்கே ஏற்கெனவே நிரம்பியிருக்கும். வேகமாக Next அழுத்தினால் அந்த எண் ஊருக்கே தெரிந்துவிடும். பல வீடுகளில் அது அப்பாவின் எண், அல்லது வங்கி ஓடிபி வருகிற எண். ராத்திரி பதினொரு மணிக்கு யாரோ கூப்பிட்டு "அண்ணே, தனுஷ்கோடிக்கு வண்டி போகுமா?" என்று கேட்கும்போதுதான் விஷயமே தெரிய வரும். அந்தத் திரையில் Don't use my contact info என்று இருப்பதைத் தொடுங்கள். ஏற்கெனவே வெளியே போய்விட்டது என்றால் Edit profile உள்ளே Contact options போய் எண்ணை அழிக்கலாம், அல்லது Display contact info சுவிட்சை அணைக்கலாம். பிறகு இன்னொருவர் போனிலிருந்து உங்கள் புரொஃபைலைத் திறந்து பாருங்கள். வெளியாட்களுக்கு என்ன தெரிகிறது என்பது அப்போதுதான் உறுதியாகும்.

கிரியேட்டருக்கு மின்னஞ்சல் ஒன்றை மட்டும் காட்டினால் போதும் என்பது எங்கள் கருத்து. விளம்பரத்துக்கு வருகிறவர்கள் மின்னஞ்சலில் எழுதினால் தொகை, தேதி எல்லாம் எழுத்தில் இருக்கும். இதற்கென்றே ஒரு மின்னஞ்சல் தொடங்கிக்கொள்ளுங்கள். நேரடி மெசேஜில் வருகிறவையும் உண்டு. நீங்கள் ஃபாலோ செய்யாதவர்கள் அனுப்புவது Requests பக்கத்தில் போய் உட்காரும், அதை வாரத்துக்கு ஒருமுறையாவது திறக்க வேண்டும். ஏற்றுக்கொண்ட பிறகு முக்கியமானதை Primary பக்கமும் மற்றதை General பக்கமும் பிரித்து வைக்கலாம்.

கருவாட்டுக் கணக்கின் தேவை வேறு. அங்கே கூப்பிடும் எண் கட்டாயம் வேண்டும், கடை முகவரியும் வேண்டும். முகவரி போட்டால் வருகிறவர் அதைத் தொட்டு வரைபடத்தில் வழி பார்த்துக்கொள்வார். இதற்கென்றே ஏற்பட்டது பிசினஸ் வகை. வீட்டிலிருந்தே விற்பவர்கள் முகவரியைத் தவிர்த்து எண் மட்டும் கொடுக்கலாம்.

இனி இன்சைட்ஸ், அதாவது பதிவை எத்தனை பேர், யார் யார் பார்த்தார்கள் என்ற விவரம். தனிப்பட்ட கணக்கில் இது கிடையாது. கிரியேட்டர், பிசினஸ் இரண்டிலும் உண்டு, புரொஃபைலில் Professional dashboard என்று தெரியும். மாறிய பிறகு போடும் பதிவுகளுக்குத்தான் முழுக் கணக்கு வரும், பழைய ரீல்களை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஃபாலோயர்களின் வயது, ஊர் விவரம் 100 பேருக்குக் கீழே இருந்தால் காட்டாது.

முதலில் Views-ஐயும் reach-ஐயும் பிரித்துப் பாருங்கள். ஒரே ஆள் மூன்று முறை பார்த்தால் Views மூன்று, reach ஒன்று. வலை இழுக்கும் ரீலுக்கு Views 9,000, reach 3,000 என்று வைத்துக்கொண்டால், ஒருவர் சராசரியாக மூன்று முறை பார்த்திருக்கிறார். அந்த மூவாயிரத்தில் ஃபாலோயர் அல்லாதவர்கள் எத்தனை என்று அடுத்துப் பாருங்கள். அவர்கள் அதிகமாக இருந்தும் புரொஃபைலுக்கு வந்தவர்கள் குறைவு என்றால், வீடியோ போய்ச் சேர்ந்திருக்கிறது, யார் எடுத்தது என்று தெரிந்துகொள்ளும் ஆர்வத்தைத் தரவில்லை. ஃபாலோயர்கள் எந்தக் கிழமை, எந்த நேரம் ஆப்பில் இருக்கிறார்கள் என்பதும் அங்கேயே தெரியும். விடியற்காலையில் கரை சேர்ந்ததும் ரீலைப் போடுவது இங்கே பழக்கம். நேரக் கோடு இரவு எட்டு மணியில் உயர்ந்து நின்றால், காலையில் எடுத்ததை இரவு போட்டுப் பாருங்கள்.

இந்தக் கடற்கரைக்கு இன்னொரு சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு போகும். அதனால் விசைப்படகு வீடியோ போடுகிறவர்களின் எண்கள் அப்போது இறங்குவது இயல்பு, கணக்கை முடக்கிவிட்டார்கள் என்று பதற வேண்டாம். போன வருடத் தடைக்காலத்தோடு ஒப்பிடலாம் என்றால் ஆப் பின்னோக்கிக் காட்டுவது சுமார் 90 நாள்தான். மாதக் கடைசியில் முகப்புப் பக்கத்தையும் ஊர், வயதுப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். விளம்பரக் கம்பெனி கேட்பதும் அந்தப் பக்கங்களைத்தான்.

நடுவில் மனம் மாறி தனிப்பட்ட கணக்குக்குத் திரும்ப நினைத்தால், அதே Account type and tools உள்ளே வழி இருக்கிறது. திரும்பினால் அதுவரை சேர்ந்த இன்சைட்ஸ் அழிந்துவிடும், ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள்.