யுவ வருஷத்து மனுவில் எத்தனை பேர்?

எங்கள் ஊர்க் கண்மாயின் பழைய கதையைத் தொகுக்கிறோம். அதற்காகப் பெரியப்பா தன் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். முழுநீளத் தாள், இரண்டு பக்கமும் எழுத்து. தலைப்பில் "ராமநாதபுரம் ஜில்லா கலெக்டர் துரை அவர்கள் சமூகத்துக்கு" என்று தொடங்கி, மடை உடைந்து தண்ணீர் வீணாகிறது என்று ஏழெட்டு வரி. அதற்குக் கீழே முழுக்கப் பெயர்கள்தான். பின்பக்கக் கடைசியில் "ஆக நபர் 86" என்று போட்டிருந்தது. எந்தக் குடியிருப்பிலிருந்து யார் யார் கையெழுத்துப் போட்டார்கள் என்று பட்டியலாக வேண்டும் என்றார் பெரியப்பா.

முதலில் தேதி. "யுவ௵ ஆவணி௴ ௰௨௳" என்று இருந்தது. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௰ என்பது பத்து, பக்கத்தில் ௨, ஆக 12. தமிழ் வருஷப் பெயர் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவதால் யுவ என்றால் 1875 ஆகவும் இருக்கலாம், 1935 ஆகவும் இருக்கலாம். முகவரிதான் கை கொடுத்தது. ராமநாதபுரம் ஜில்லா பிறந்ததே 1910இல். ஆகவே 1935 ஆகஸ்ட் கடைசி. இன்றைக்கு எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டம்.

இப்படிப்பட்ட தாளைப் பார்த்ததும் கை பெயர்களுக்குத்தான் போகும். அதைக் கடைசியில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும். எண், மை, ஊர், அதற்குப் பிறகு பெயர் என்பதுதான் என் வரிசை. காரணம், பழைய எண்கள் பாதி எழுத்தின் வேடத்தில் இருக்கின்றன. ௧ என்பது க, ௨ என்பது உ, ௪ என்பது ச, ௫ என்பது ரு, ௭ என்பது எ, ௮ என்பது அ. ௬ சு மாதிரி இருக்கும், ௰ ய மாதிரி. எழுதியவர் எண்ணுக்கும் பெயருக்கும் நடுவே கோடும் போடவில்லை, புள்ளியும் வைக்கவில்லை. ஆறாவது வரியில் "௬ சுப்பையா" என்று இருப்பதை "சு. சுப்பையா" என்று படித்து, அவருடைய அப்பா பெயர் சு-வில் தொடங்கும் என்று எழுதிவைக்க ஒரு நொடி போதும். எட்டாவது ஆளுக்கு அ என்று ஓர் இனிஷியல் முளைக்கும். அதனால் பெயர்களை வெள்ளைத்தாளால் மறைத்துவிட்டு, இடது ஓரத்தை மட்டும் மேலிருந்து கீழே எண்ணிக்கொண்டு போனேன். வரிசையில் உட்காருவது எண், உட்காராதது இனிஷியல்.

அப்படிப் போகும்போதே எண்கள் ஒரு கதை சொல்லத் தொடங்கின. முன்பக்கம் முழுக்க ௩௰௮, ௬௰௧ என்று பத்தைக் காட்டும் ௰ போட்டு எழுதும் பழைய முறை. பின்பக்கத்தில் அது நின்று, இப்போது நாம் எழுதும் 61, 62 வந்துவிடுகிறது. முன்பக்கத்தின் அடிவரியும் 61, பின்பக்கத்தின் முதல் வரியும் 61. அடிவரி சரியாக மடிப்பில் விழுந்திருக்கிறது. தாளை மடித்த வாக்கில் கையில் வாங்கியவருக்கு அந்த வரி தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். எப்படியானாலும், கடைசி எண் 86 என்றாலும் வரிகள் 87. "ஆக நபர்" என்று கூட்டியவர் தலைகளை எண்ணவில்லை, கடைசி எண்ணைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

அடுத்து மை. இங்கே ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். கருமை கூடிக் குறைவதும் மை மாறுவதும் ஒன்றல்ல. கட்டைப்பேனாவை மைக்கூட்டில் தொட்டு எழுதினால் முதல் சில எழுத்து அடர்த்தியாக விழும், போகப்போக வெளிறும், மறுபடி தொட்டதும் திடீரென்று கறுக்கும். ஒன்றிரண்டு வரிக்கு ஒருமுறை இந்த ஏற்ற இறக்கம் வந்துகொண்டே இருந்தால் அது ஒரே கை, ஒரே மைக்கூடு, ஒரே உட்காரல். உண்மையில் மை மாறினால் நிறமே மாறும், பழைய நிறம் அடுத்த தொடலில் திரும்பி வராது. பென்சிலிலும் இதே ஏமாற்று உண்டு. அந்தக் காலத்துக் காப்பியிங் பென்சில் உலர்ந்த நிலையில் சாம்பல் நிறமாக எழுதும், ஈரம் பட்ட இடத்தில் ஊதா ஆகிவிடும். நுனியை நாக்கில் தொட்டு எழுதினால் ஒரே பெயரில் முதல் பாதி ஊதா, பின்பாதி சாம்பல். இரண்டு பேர் எழுதினார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

கண்ணுக்கு எட்டாததற்கு ஸ்கேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மை வித்தியாசம் அங்கேயே செத்துவிடும். வண்ணத்தில், 600 dpi-யில் எடுத்து, GIMP என்ற பட மென்பொருளில் Colors → Components → Decompose போய் RGB என்று பிரித்தால் ஒரே தாள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சாம்பல் படங்களாக வரும். இரும்பு கலந்த பழைய மை காலப்போக்கில் பழுப்பாகிவிடும். பழுப்பு நிறம் நீல ஒளியை விழுங்குவதால், நீலப் படத்தில் மங்கிய எழுத்துகூடக் கறுத்துத் தெரியும். நீல மை அதே படத்தில் வெளிறிப்போகும். எனக்கு இது இரட்டை லாபம். பின்பக்கத்து நீல மை ஊறி முன்பக்கத்துப் பெயர்களுக்கு நடுவே கண்ணாடி எழுத்தாகத் தெரிந்துகொண்டிருந்தது. நீலப் படத்தில் அது அடங்கி, முன்பக்கத்துப் பழுப்பு எழுத்து மட்டும் மேலே வந்தது. ஊதா பென்சிலுக்குப் பச்சைப் படம்.

பிரித்துப் பார்த்ததில் மூன்று அடுக்கு. முன்பக்கத்தில் 1 முதல் 38 வரை எண்ணும் பெயரும் பழுப்பு மை, ஒரே கை. 39 முதல் 61 வரை எண் மட்டும் அதே பழுப்பு, பெயர்கள் ஊதா. பின்பக்கத்தில் எண்ணும் பெயரும் நீலம். நடு அடுக்குதான் முக்கியம். எண் ஒரு மை, பெயர் வேறு மை என்றால் எண்களை முன்கூட்டியே போட்டு இடம் ஒதுக்கிவைத்திருக்கிறார்கள். அப்படி ஒதுக்கினால் ஆட்கள் இடத்துக்குச் சரியாகப் பொருந்த மாட்டார்கள். இங்கேயும் 52க்கும் 57க்கும் நேரே பெயரே இல்லை. 44க்கு நேரே இரண்டு பெயர், இரண்டாவது ஆள் வரிக்கு நடுவே நெருக்கிச் செருகப்பட்டிருக்கிறார்.

ஊர்ப் பத்தியில் பெரும்பாலும் ௸ என்ற குறிதான், மேற்படி என்று அர்த்தம். சில இடத்தில் வேகத்தில் "ஷை" என்று வரும், அதுவும் அதேதான். இந்தக் குறியை நம்பும்போது ஒரு கேள்வி கேட்க வேண்டும். இது எழுதப்பட்ட நேரத்தில் மேலே என்ன இருந்தது? இப்போது மேலே என்ன இருக்கிறது என்பது வேறு சங்கதி.

பின்பக்கத்தில் 62க்கு நேரே "புதூர்" என்று நீலத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே வரிசையாக ௸, ௸. 70ஆவது வரியில் அந்தக் குறியை அடித்துவிட்டு, பக்கத்தில் "களத்தூர்" என்று எழுதியிருக்கிறார்கள். 71இலிருந்து மறுபடி ௸. அப்படியே படித்தால் 71க்குப் பிறகு உள்ளவர்கள் எல்லாரும் களத்தூர்க்காரர்கள் ஆகிவிடுவார்கள். ஆனால் அடித்த கோடும் களத்தூர் என்ற சொல்லும் ஊதா பென்சில். 63 முதல் வந்த குறிகள் ஒரே ஓட்டத்தில் விழுந்த நீலம். அதாவது நீலக்காரர் 71இல் ௸ போட்டபோது 70இல் இருந்ததும் ௸தான், அதன் பொருள் புதூர்தான். பென்சில் திருத்தம் பிற்பாடு வந்தது. 70ஆவது ஆள் ஒருவர் மட்டுமே களத்தூர், கீழே உள்ளவர்கள் புதூரிலேயே நிற்கிறார்கள்.

ஒன்றன்மேல் ஒன்று ஏறிய கோடுகளில் எது மேலே என்று பார்த்து முன்பின் சொல்வதை நான் தவிர்த்துவிடுவேன். அடர்ந்த கோடு அடியில் இருந்தாலும் மேலே இருப்பதாகவே கண்ணுக்குப் படும். இங்கே அது தேவைப்படவில்லை. அடிக்கப்பட்ட குறி, அடித்த கோட்டுக்கு முந்தியது. அவ்வளவுதான் கணக்கு.

இதிலிருந்து இன்னொன்றும் கிடைத்தது. முன்பக்கத்து ஊதாப் பெயர்கள் எல்லாம் களத்தூர். பின்பக்கத்தைத் திருத்தியதும் ஊதா. ஆக, எண் வரிசைப்படி களத்தூர் இரண்டாவதாக வந்தாலும், தாள் களத்தூருக்குப் போனது புதூருக்குப் பிறகுதான் என்று படுகிறது. தங்களுக்கு ஒதுக்கிய இடத்தை நிரப்பும்போது, தங்கள் ஊர் ஆள் ஒருவர் புதூர்க் கணக்கில் இருப்பதைப் பார்த்துப் பொறுக்காமல் திருத்தியிருக்கிறார்கள்.

பெயர்களுக்கு வந்தபோது பெரிய சிரமம் இல்லை. அண்ணாமலை போன்ற பெயரில் ணா, லை இரண்டும் பழைய வடிவம், லைக்குத் தலையில் தும்பிக்கை. புள்ளியைப் பாதி இடத்தில் விட்டிருக்கிறார்கள். அதே கை வேறொரு வரியில் தெளிவாக எழுதிய எழுத்தை வெட்டிப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முக்கால்வாசி அவிழ்ந்துவிடும்.

சிக்கல் கொடுத்தது 29உம் 73உம்தான். 29இல் பழுப்பு மையில் "சின்னையா குமாரன் முத்தையா, புதூர்". அதற்கு எதிரே கீறலும் இல்லை, ரேகையும் இல்லை. 73இல் நீல மையில் "சி. முத்தையா ௸", பெயரே கையெழுத்தாக, வேறு கையில். 73ஐக் களத்தூர் என்று படித்திருந்தால் இவர்கள் இரண்டு ஆட்கள். புதூர் என்றானதும் அப்பா பெயரின் முதலெழுத்தும் ஊரும் பொருந்திவிடுகின்றன. ஆள் இல்லாதபோதே மனு எழுதியவர் பெயரைச் சேர்த்துவிட்டார், பிறகு தாள் ஊருக்கு வந்தபோது அவரே போட்டார் என்று கொள்வதுதான் எனக்குச் சரியாகப்பட்டது. பெரியப்பாவிடம் கேட்டேன்.

"புதூர்ல சின்னையா மகன் முத்தையான்னு ரெண்டு பேர் இருந்தாங்களா பெரியப்பா?"

"ஒருத்தர்தாம்ப்பா. அந்தக் காலத்துலயே பள்ளிக்கூடம் போனவரு."

இனிக் கூட்டல். வரிகள் 87. பெயரில்லாத இரண்டு போக 85. 44இல் செருகிய ஆளைச் சேர்த்தால் 86. முத்தையாவை ஒருமுறை கழித்தால் 85. அடிக்கப்பட்ட 17ஆவது ஆளையும் கழித்தால் 84.

அந்த 17ஆவது பெயரை நன்றாகவே அடித்திருந்தார்கள். எழுதியதும் அடித்ததும் ஒரே பழுப்பு மை என்பதால் வண்ணம் பிரித்தும் பிரயோஜனம் இல்லை. தாளை மேசையில் வைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் கிட்டத்தட்டப் படுத்த வாக்கில் பிடித்தபோது நிப்பு அழுத்திய பள்ளம் தெரிந்தது. முதல் மூன்று எழுத்தும் கடைசி எழுத்தும் கிடைத்தன. மனுவின் அடியில் "இந்த மனு எழுதினது" என்று தொடங்கும் வரியில் உள்ள பெயரோடு அவை ஒத்துப்போகின்றன. நடுவில் இரண்டு எழுத்து தெரியாததால் பட்டியலில் அவரை 84க்குள் சேர்க்காமல், குறிப்புப் பத்தியில் கேள்விக்குறியோடு வைத்திருக்கிறேன்.