வா, போ கைகொடுத்தது. மேக், டூவுக்குத்தான் தனியாக உட்கார வேண்டியிருந்தது

வேலைக்காகத் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதவும் போனில் பேசவும் வேண்டிய நிலை வந்தபோது எனக்கு இலக்கணம் ஓரளவு தெரியும், சொற்களும் கைவசம் இருந்தன. ஆனால் பேச்சு தடைப்பட்டு நின்ற இடமெல்லாம் சின்னச் சின்ன வினைச்சொற்கள்தான். கம்மா கோவா, ப்ரிங்கா டேக்கா, மேக்கா டூவா. பெரிய சொல் தெரியாவிட்டால் சுற்றி வளைத்துச் சொல்லிவிடலாம். இவற்றுக்கு அந்த வழி கிடையாது, நொடிக்கு நொடி வரும், யோசிக்க நேரமும் இருக்காது. அதனால் இந்த மூன்று ஜோடிகளையும் எடுத்துவைத்துக்கொண்டு ஒழுங்காகப் பிரித்துப் பார்த்தேன். இதே இடத்தில் தடுமாறுகிறவர்களுக்கு உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் கம், கோ. பேசுகிறவரை நோக்கி நகர்ந்தால் கம், அவரை விட்டு விலகினால் கோ என்றுதான் பெரும்பாலும் சொல்லிக்கொடுப்பார்கள். இது பாதி விதிதான். பக்கத்து அறையிலிருந்து ஒருவர் உங்களைக் கூப்பிடுகிறார், நீங்கள் "ஐயம் கமிங்" என்கிறீர்கள். நீங்கள்தான் பேசுகிறீர்கள், இருக்கும் இடத்தை விட்டு விலகுகிறவரும் நீங்கள்தான், ஆனாலும் கம். விதிப்படி கோ வர வேண்டும், ஆனால் "ஐயம் கோயிங்" என்று பதில் சொன்னால் கூப்பிட்டவர் நீங்கள் வேறெங்கோ கிளம்புகிறீர்கள் என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இதை மண்டையில் ஏற்ற நான் புது விதி எதுவும் தேடவில்லை. தமிழில் அதே இடத்தில் நாம் என்ன சொல்வோம்? "இதோ வர்றேன்." யாராவது "இதோ போறேன்" என்போமா? நம் வா என்ற சொல், பேசுகிறவர் இடத்துக்கும் கேட்கிறவர் இடத்துக்கும் சேர்த்தே பயன்படுகிறது. ஆங்கிலத்தின் கம்மும் அப்படியே. எல்லா மொழியிலும் இப்படி இல்லை. ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் ஜப்பானியர்களும் கூப்பிட்ட குரலுக்கு அவரவர் மொழியில் 'போகிறேன்' என்றுதான் பதில் சொல்வார்கள், அதனால் ஆங்கிலத்துக்கு வரும்போது இந்த இடத்தைப் புதிதாகப் பழக வேண்டும். நமக்கு அந்த வேலை இல்லை. இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

இந்த ஒற்றுமை எவ்வளவு தூரம் போகிறது என்று பார்க்க ஒரு கேள்வி போதும். நாளைக்கு ஒரு விழா. "ஆர் யூ கோயிங் டு த பார்ட்டி?" என்று ஒருவர் கேட்டால் அவர் அங்கே போகிறாரா இல்லையா என்று அந்தக் கேள்வியிலிருந்து தெரியாது. "ஆர் யூ கமிங் டு த பார்ட்டி?" என்று கேட்டால் அவர் அங்கே இருப்பார், அல்லது விழாவே அவருடையது. தமிழில் "போறியா?", "வர்றியா?" என்று கேட்டுப் பாருங்கள், அதே வித்தியாசம் அப்படியே வரும். யார் அங்கே இருக்கப்போகிறார்கள் என்ற தகவல் அந்த ஒரு வினைச்சொல்லுக்குள் இருக்கிறது. மெயிலில் கம் போட்டுவிட்டால், நாமும் அங்கே இருப்போம் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டியிருக்காது.

அப்புறம் ப்ரிங், டேக். இதற்கென்று தனியாக எதுவும் படிக்க வேண்டியதில்லை. கொண்டு வா என்பது ப்ரிங், கொண்டு போ என்பது டேக், அவ்வளவுதான். உள்ளே இருக்கிற வா, போவைத்தான் ஆங்கிலம் மறைத்துவைத்திருக்கிறது.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நாம் அன்றாடம் கொண்டு வா என்பதைவிட 'எடுத்துட்டு வா' என்றுதான் அதிகம் சொல்கிறோம். எடு என்றதும் கை தானாக டேக்குக்குப் போய்விடும், "டேக் த கீ அண்ட் கம்" என்று வாக்கியம் பிறந்துவிடும். பலர் இப்படிப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன், புரியாமல் போகாது, ஆனால் இயல்பான ஆங்கிலம் "ப்ரிங் த கீ" என்பதோடு முடிந்துவிடுகிறது. நான் வைத்துக்கொண்ட வழி இது: முதல் பாதி எதுவாக இருந்தாலும் சரி, எடுத்துட்டு, தூக்கிட்டு, கூட்டிட்டு, அதை அப்படியே விட்டுவிட வேண்டும். கடைசியில் நிற்பது வாவா போவா என்று மட்டும் பார்க்க வேண்டும். 'தம்பியைக் கூட்டிட்டு வா' என்றால் ப்ரிங், 'கூட்டிட்டுப் போ' என்றால் டேக். ஆளுக்கு ஒரு சொல், பொருளுக்கு ஒரு சொல் என்றெல்லாம் ஆங்கிலம் பிரிப்பதில்லை. போய் எடுத்துட்டு வா என்று இரண்டு திசையும் சேர்ந்து வந்தால் அதற்கு ஃபெட்ச் இருக்கிறது, பேச்சில் பெரும்பாலும் கெட் போதும்.

ஒரு உதாரணத்தை முழுசாகப் பார்க்கலாம், ஏனென்றால் நான் இதைப் பழகியதே இந்த மாதிரிச் செய்திகளை எழுதித்தான். வேறு கட்டடத்தில் இருக்கும் சக ஊழியருக்கு எழுதுகிறேன். நாளைக் காலை அவர் இருக்கும் இடத்துக்கு நான் போக வேண்டும், கையில் வரைபடங்கள் இருக்கும். மதியம் அதே வரைபடங்களோடு ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கப் போக வேண்டும், அதற்கு அவர் வரவில்லை. முதல் பகுதி அவர் இடம், அதனால் "ஐ வில் கம் டு யுவர் ஆஃபீஸ் அண்ட் ப்ரிங் த டிராயிங்ஸ்." இரண்டாவது இடத்தில் அவரும் இல்லை, நானும் இப்போது அங்கே இல்லை, அதனால் "தென் ஐ வில் கோ டு த கிளையன்ட் அண்ட் டேக் த டிராயிங்ஸ் வித் மீ." காகிதம் அதேதான், எடுத்துச் செல்கிற ஆளும் நான்தான், வினைச்சொல் மட்டும் மாறியது. அவரிடமிருந்து "மதியம் நானும் அங்கே இருப்பேன்" என்று பதில் வந்தால் இரண்டாவது பகுதியையும் கம், ப்ரிங் என்று மாற்றிக்கொள்ளலாம். ஆக, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நான் போய்ச் சேரும்போது இதைப் படிக்கிறவர் அங்கே இருப்பாரா?

இதற்கு ஒரு எல்லை உண்டு. அமெரிக்கர்கள் பலர் டேக் வர வேண்டிய இடத்திலும் ப்ரிங் சொல்வார்கள், வீட்டை விட்டுக் கிளம்பும் குழந்தையிடம் "ப்ரிங் யுவர் ஜாக்கெட்" என்பதுபோல. அதைக் கேட்டுக் குழம்ப வேண்டாம். நாம் எழுதும்போது பிரித்தே எழுதினால் யாருக்கும் தவறாகத் தெரியாது.

தமிழை நம்பினால் போதும் என்று இவ்வளவு சொல்லிவிட்டேன், நம்பக்கூடாத இடத்தையும் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது நாம் "வர்றேன்" என்கிறோம், "போயிட்டு வர்றேன்" என்கிறோம், போகிறேன் என்று மொட்டையாகச் சொல்வது நமக்கே ஒரு மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் விடைபெறும்போது "ஐ வில் கம்" என்றால் அது விடைபெறுவதாகவே ஆகாது, எங்கே எப்போது வரப்போகிறீர்கள் என்று எதிரில் இருப்பவர் யோசிப்பார். திரும்பி வருவதாக இருந்தால் "ஐ வில் பி பேக்", இல்லையென்றால் "ஐயம் ஆஃப்". தூக்கம் வருது, தலைவலி வருது என்பதிலும் வாவைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். "ஐயம் ஸ்லீப்பி", "ஐ ஹாவ் எ ஹெடேக்", கம் எங்கேயும் கிடையாது. நிஜமாக ஒரு ஆளோ பொருளோ இடம் மாறினால் மட்டும் தமிழைக் கேளுங்கள்.

மேக், டூ விஷயத்தில் இந்த உதவி கிடைக்காது. நமக்கு இரண்டுக்கும் ஒரே பண்ணுதான். தப்பு பண்ணினான், போன் பண்ணினான், வீட்டுப்பாடம் பண்ணினான், முடிவு பண்ணினான். இந்த நான்கில் ஆங்கிலத்தில் டூ வாங்குவது வீட்டுப்பாடம் மட்டும், மற்ற மூன்றும் மேக். டூ எ மிஸ்டேக் என்று நம் ஆட்கள் அடிக்கடி சொல்வது இதனால்தான், பண்ணு என்றதும் டூ முந்திக்கொள்கிறது.

இங்கே எனக்குப் பிடி கிடைத்தது ஒரு காட்சியிலிருந்து. மேஜையில் ஒருவர் காகிதத்தை மடித்துக்கொண்டிருக்கிறார். "வாட் ஆர் யூ டூயிங்?" என்று கேட்டால், மடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது பதில். "வாட் ஆர் யூ மேக்கிங்?" என்று கேட்டால், கப்பல் என்பது பதில். முதல் கேள்வி கையின் வேலையைக் கேட்கிறது, இரண்டாவது முடிவில் என்ன இருக்கும் என்று கேட்கிறது. அதிலிருந்து நான் எதையும் இப்படித்தான் சோதித்தேன்: வேலை முடிந்த பிறகு, முன்பு இல்லாத ஒன்று இப்போது இருக்கிறதா? இருந்தால் மேக். தவறு அப்படித்தான், இதோ இந்த வரியில் என்று விரல் வைத்துக் காட்டலாம். முடிவும் அப்படித்தான், நேற்று இல்லை, இன்று இருக்கிறது. வாக்குறுதி, சாக்கு, புகார், யோசனை என்று வாயிலிருந்து பிறக்கிற பலவும் மேக்கோடுதான் சேரும். வீட்டுப்பாடத்தை ஆசிரியர் ஏற்கெனவே கொடுத்துவிட்டார், நாம் அதை முடிக்கிறோம், அதனால் டூ. பாத்திரம் கழுவுவதும் துணி துவைப்பதும் டூ, கழுவுவதற்கு முன்னும் அதே பாத்திரம்தான். டூ பிசினஸ், மேக் மனி என்று சேர்த்துச் சொல்லிப் பாருங்கள், நடத்துவது ஒன்று, அதில் கிடைப்பது இன்னொன்று.

இன்னொரு அடையாளம் இருக்கிறது, இது அநேகமாக ஏமாற்றுவதில்லை. பின்னால் வருவது வேலையின் பெயராக இங் என்று முடிந்தால் டூதான்: டூ த குக்கிங், டூ த க்ளீனிங், டூ சம் ரீடிங். சமையல் வேலைக்கு டூ த குக்கிங், அந்தச் சமையலில் வருகிற சாப்பாட்டுக்கு மேக் டின்னர். எதை, ஏதாவது, ஒன்றும் இல்லை என்று பொதுவாகப் பேசும்போதும் டூதான், "டூ சம்திங்", "டூ நத்திங்" என்பதுபோல.

இந்தச் சோதனைக்கு அடங்காதவையும் உண்டு, அவற்றைத் தனியாக ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டேன். சேதம் கண்ணுக்குத் தெரிகிற விளைவுதான், ஆனாலும் டூ டாமேஜ். உதவியைப் பொறுத்தவரை டூ எ ஃபேவர். முயற்சிக்கு மேக் அன் எஃபர்ட், ஆனால் முடிந்தவரை செய் என்பதற்கு டூ யுவர் பெஸ்ட். படுக்கையை ஒழுங்குபண்ணுவது மேக் த பெட், புதுக் கட்டில் எதுவும் உருவாவதில்லை. இவற்றுக்குக் காரணம் தேடிக்கொண்டிருப்பதைவிட ஜோடியாகவே மனப்பாடம் செய்துகொள்வது வேகமான வழி. அந்தத் தாளில் மிஸ்டேக் என்று மட்டும் எழுதாமல் மேக் எ மிஸ்டேக் என்று வினையோடு சேர்த்தே எழுதினேன், பேசும்போது பெயர்ச்சொல் ஞாபகம் வந்தால் வினையும் ஒட்டிக்கொண்டே வந்தது.