இரண்டாவது ஜோடி பாதி விலையா? பில்லைப் பிரித்துக் கேளுங்கள்

சுங்கை சிப்புட்டில் மகளுக்குக் கண்ணாடி எடுக்கப் போனோம். பரிசோதனை சீக்கிரம் முடிந்தது, இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 4.50. தொல்லை பில்லில்தான்.

வாசலில் 'இரண்டாவது ஜோடி பாதி விலை' என்று பெரிய பலகை. பள்ளிக்கு ஒன்று, உடைந்தால் மாற்றுக்கு ஒன்று என்று பார்த்தோம். முதலாவது: பிரேம் 180 வெள்ளி, 1.67 என்ற மெலிசு ரக லென்ஸ் 240, வெளிச்சம் பிரதிபலிக்காமல் இருக்கப் போடும் கோட்டிங் 60, ஆக 480. இரண்டாவது: பிரேம் 120, சாதாரண 1.56 லென்ஸ் 80, கோட்டிங் 60. அந்த 260-இல் பாதி 130 என்றுதானே யாரும் நினைப்பார்கள்? பில்லில் 200 இருந்தது.

"பாதி விலை பிரேமுக்கு மட்டும்தான் அங்கிள்" என்றார் கடைப் பெண். முதல் பிரேம் 150 வெள்ளிக்கு மேல் இருந்தால்தான் அதுவும் உண்டாம். பலகையில் இதெல்லாம் கிடையாது. மொத்தம் 680. நல்லவேளை, முன்பணம் கட்டவில்லை.

"ஏம்மா, இந்த லென்ஸ் கோட்டிங் இல்லாமலும் வருமா?" என்று கேட்டேன். பதில் இல்லை, முதலாளியிடம் போனார். 1.60, 1.67 லென்ஸ்கள் பெரும்பாலும் தொழிற்சாலையிலேயே பூச்சு போட்டுத்தான் வரும். மாதிரி லென்ஸைக் குழல் விளக்குக்குக் கீழே சாய்த்துப் பாருங்கள்: விளக்கின் பிம்பம் மங்கலாகப் பச்சையாகவோ நீலமாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது, பளிச்சென்று வெள்ளையாகத் தெரிந்தால் இல்லை. எங்களுக்குக் காட்டியதில் பச்சை. முதலாளி வந்து சத்தமில்லாமல் அந்த 60-ஐ அடித்து நீக்கினார்.

அடுத்து 1.67. மைனஸ் லென்ஸ் நடுவில் மெலிசு, ஓரம் போகப் போகத் தடிப்பு. மகள் எடுத்தது கன்னம் வரை இறங்கும் பெரிய பிரேம். அதில் ஓரம் அதிகம் மிஞ்சும், அதனால்தான் விலை கூடிய மெலிசு லென்ஸ் தேவைப்பட்டது. சின்ன பிளாஸ்டிக் பிரேம் ஒன்றை 90 வெள்ளிக்கு எடுக்க வைத்தேன் (முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள், அது வேறு கதை). அதற்கு 1.60 போதும், 150 வெள்ளி. பிரேமோடு 240.

90 வெள்ளி பிரேம் என்பதால் சலுகை போய்விட்டது. போகட்டும். இரண்டாவது ஜோடியை வேறு கடையில் எடுக்கலாம் என்று பவர் சீட்டு கேட்டால் அந்தப் பெண் இழுத்தடித்து, கடைசியில் கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை எழுதாமல் கொடுத்தார். அது இல்லாமல் லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராக வராது. கோலா கங்சாரில் வேறொரு கடையில் அதை உடனே அளந்து, பிரேமும் 1.56 லென்ஸும் சேர்த்து 99 வெள்ளிக்குச் செய்து கொடுத்தார்கள். இரண்டும் சேர்த்து 339.

இந்த 99 வெள்ளிக் கடைகளிலும் எந்தப் பவர் வரை அந்த விலை என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பார்வைச் சிதறலுக்கான சிலிண்டர் பவர் இருந்தால் மேற்கொண்டு கேட்பார்கள். மகளுக்கு அது இல்லை, தப்பித்தோம்.