மூலையில் ஒரு பச்சை முக்கோணம்

திருகோணமலையில் மீன் கொள்வனவுக் கணக்குப் பார்க்கும் ஓர் அலுவலகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், திருக்கடலூரைச் சேர்ந்த படகு உரிமையாளர் ஒருவர் தமது கொப்பியுடன் என் மேசைக்கு வந்தார். "பிள்ளை, எங்கட கொப்பியில 1230 கிலோ கிடக்கு. உங்கட தாளில 792 எண்டு வருது. மிச்ச மீன் எங்க போனது?" என்று கேட்டார்.

எக்செல் தாளைத் திறந்து இருவரும் வரி வரியாக ஒப்பிட்டோம். திங்கள் 214, செவ்வாய் 187, புதன் 240, வியாழன் 165, வெள்ளி 198, சனி 226 என்று ஆறு நாள் நிறையும் அவருடைய கொப்பியில் இருந்தபடியே என் தாளிலும் இருந்தது. ஆனால் கீழே `=SUM(B2:B7)` என்ற சூத்திரம் 792 என்றே காட்டியது. கணினியின் மேல் சந்தேகம் வந்து, பக்கத்துக் கலத்தில் `=B2+B3+B4+B5+B6+B7` என்று எழுதினேன், 1230 வந்தது. அதே ஆறு கலங்களுக்கு இரண்டு கூட்டுத்தொகைகள் கிடைத்ததைப் பார்த்து, அவரைவிட நான்தான் அதிகம் திகைத்தேன்.

புதன், வெள்ளி ஆகிய இரண்டு கலங்களின் இடது மேல் மூலையில் சிறிய பச்சை முக்கோணங்கள் இருந்தன. அவற்றை நான் முன்பே பார்த்திருந்தேன் என்பதுதான் வெட்கமான பகுதி. 077 என்று தொடங்கும் தொலைபேசி எண்களை முன் பூச்சியம் விழுந்துவிடாமல் எழுத்தாகவே வைத்திருந்ததால், அந்த நிரல் முழுவதும் அதே முக்கோணங்கள் நிறைந்திருந்தன. நாளடைவில் என் கண் அவற்றைக் காணாமலே கடந்துபோகப் பழகிவிட்டது. முக்கோணமுள்ள கலத்தில் நின்று, அருகில் தோன்றும் மஞ்சள் குறியைச் சொடுக்கியபோது "Number Stored as Text" என்று எழுதியிருந்தது. வரிகளைச் சேர்த்த பணியாளர் தொலைபேசி நிரலின் வடிவமைப்பையும் அந்த இரு கலங்களுக்கு இழுத்துவிட்டிருந்தார். அதன்பின் தட்டிய 240 எண்ணாக அல்ல, இரண்டு, நான்கு, பூச்சியம் என்ற மூன்று எழுத்துகளாகவே பதிவாகியிருந்தது.

SUM ஏன் வாய் திறக்கவில்லை என்றால், அது அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. ஒரு நிரலைக் கூட்டும்போது தலைப்பும் "விடுமுறை" போன்ற குறிப்பும் இடையில் வரக்கூடும் என்பதால், சுட்டப்பட்ட கலங்களில் உள்ள எழுத்தையெல்லாம் அது பிழை காட்டாமல் தாண்டிச் செல்கிறது. கூட்டல் குறியோ எழுத்தை எண்ணாக மாற்ற முயன்று பார்க்கும். "240" மாறிவிடும், "விடுமுறை" என்றிருந்தால் `#VALUE!` என்று முறையிடும். இதில் சராசரிதான் என்னை அதிகம் ஏமாற்றியது. AVERAGE அந்த இரு நாளையும் விட்டுவிட்டு 792 ஐ நான்கால் வகுத்து 198 என்றது. உண்மைச் சராசரி 205. பார்ப்பவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. வழக்கமாக எண் வலப்பக்கமும் எழுத்து இடப்பக்கமும் ஒதுங்கி நிற்கும், அதைக் கொண்டாவது கண்டிருக்கலாம். அழகுக்காக நிரல் முழுவதையும் நான் நடுவில் நிறுத்தியிருந்தேன்.

முதலில் நான் செய்த திருத்தமும் பலிக்கவில்லை. கலங்களின் வடிவமைப்பை Number என்று மாற்றினேன். கூட்டுத்தொகை 792 ஆகவே நின்றது. வடிவமைப்பு மாறினாலும் உள்ளே ஏற்கெனவே பதிந்த எழுத்து எழுத்தாகவே இருக்கும். F2 அழுத்தி Enter கொடுத்து மறுபடி பதிய வேண்டும், அல்லது அந்த மஞ்சள் குறியிலேயே "Convert to Number" என்பதைத் தெரிவுசெய்ய வேண்டும். அதைச் செய்ததும் 1230 வந்தது. ஐயா கொப்பியை மூடிக்கொண்டு, தேநீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

அன்று முதல் ஒவ்வொரு தொகையின் கீழும் இரண்டு வரிகள் வைத்திருக்கிறேன்.

```
=COUNTA(B2:B7)
=COUNT(B2:B7)
```

முதலாவது வெறுமையல்லாத கலங்களையும், இரண்டாவது எண்களை மட்டும் எண்ணும். அன்றைய தாளில் இவை 6, 4 என்று காட்டியிருக்கும். முக்கோணத்தைவிட இதையே நான் நம்புகிறேன், ஏனெனில் முக்கோணமே வராத சந்தர்ப்பமும் உண்டு. சில மாதங்களின் பின், இணையப் பக்கமொன்றிலிருந்து நகலெடுத்து ஒட்டிய நிறைகளில் 6, 5 என்று வந்தது. எந்த மூலையிலும் பச்சை இல்லை. ஓர் எண்ணின் பின்னால் இணையப் பக்கங்களில் வரும் பிரியாத இடைவெளி ஒட்டியிருந்ததால், எக்செல் அதை எண் போன்ற எழுத்தாகக்கூடக் கருதவில்லை. கூட்டல் குறியும் அங்கே `#VALUE!` என்றது. TRIM இந்த இடைவெளியைத் தொடாது. பக்கத்து நிரலில் இப்படி எழுதித்தான் நீக்கினேன்.

```
=VALUE(SUBSTITUTE(B4,CHAR(160),""))
```

தொலைபேசி நிரலின் முக்கோணங்களை இன்றும் நான் மாற்றவில்லை. அவற்றை எண்ணாக்கினால் எல்லோருடைய இலக்கத்திலும் முதல் பூச்சியம் போய்விடும்.