சித்தியின் கோலமும் நான்கு விரல் அகலமும்

பொங்கலன்று விடிவதற்கு முன்பே மன்னார்குடிச் சித்தி குடும்பத்தின் வாட்ஸ்அப் குழுவில் வாசல் கோலத்தின் படத்தைப் போட்டு, "எப்படி இருக்கிறது என்று உள்ளதைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தார். உள்ளதைச் சொல்வது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை என்பதால் வரிசையாகக் கைகூப்பும் படங்களே வந்துகொண்டிருந்தன. பெரியம்மா மட்டும், "கோலம் சப்பையாக இருக்கிறதே" என்று எழுதிவிட்டார். உடனே சித்தி என்னைத் தனியாக அழைத்து, "நீதானேடி படம் வரைகிறவள், அவளுக்கு நீயே பதில் சொல்" என்றார்.

அந்தப் படத்தை வைத்துக்கொண்டு எவரும் எதுவும் சொல்லியிருக்க முடியாது. வாசற்படியில் நின்று சாய்வாக எடுத்தால் அருகிலுள்ள புள்ளிகள் அகன்றும் தெருப்பக்கத்துப் புள்ளிகள் நெருங்கியும் தெரியும். வட்டமாகப் போட்டதுகூட முட்டை வடிவமாகிவிடும். அது கைபேசியின் கோணலே தவிரக் கோலத்தின் கோணல் அன்று. ஆகவே, சித்தப்பாவை முக்காலியில் ஏற்றி, கோலத்தின் நடுப்புள்ளிக்கு நேர்மேலே கையை நீட்டி எடுக்கச் சொன்னேன். முதலில் வந்த படத்தில் பாதிக் கோலமும் சித்தப்பாவின் கால் கட்டைவிரலும் இருந்தன. அடுத்தது ஒழுங்காக வந்தது.

அதைப் பார்த்ததும் விஷயம் தலைகீழாகிவிட்டது. கோலம் சப்பையாக இல்லை, நெட்டையாக இருந்தது. சித்தி போட்டிருந்தது 15 புள்ளியில் தொடங்கி இருபுறமும் 8 வரை இறங்கும் இடுக்குப்புள்ளிக் கோலம். நடுவில் ஆறிதழ்ப் பூ ஒன்று. பூவின் இடமும் வலமும் படுத்திருந்த இரண்டு இதழ்கள் குட்டையாகவும், சாய்ந்து நின்ற நான்கு இதழ்கள் நீண்டும் இருந்தன. கணினித் திரையில் அடிக்கோலை வைத்து அளந்தபோது அகலம் 14 செ.மீ., உயரமும் 14 செ.மீ. என்று வந்தது. இந்தக் கோலத்தில் உயரம் 12 செ.மீ. அளவில்தான் இருக்க வேண்டும், ஏனென்றால் இடுக்குப்புள்ளியில் அடுத்தடுத்த மூன்று புள்ளிகளைச் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம் கிடைக்க வேண்டும். அதற்குப் புள்ளிக்குப் புள்ளி 7 செ.மீ. விட்டால் வரிசைக்கு வரிசை 6 செ.மீ.தான் விடலாம். சித்தி இரண்டுக்கும் ஒரே 7 செ.மீ. விட்டிருந்தார். நேர்ப்புள்ளிக் கோலம் போட்டுப் பழகிய கை இப்படித்தான் செய்யும்.

"இதைப் புள்ளி வைப்பதற்கு முன்னால் சொல்ல மாட்டாயா?" என்றார் சித்தி. சூரியன் வருவதற்குள் எல்லாவற்றையும் கழுவிவிட்டு மறுபடி போட நேரமில்லை. நீளத்தைக் குறைக்க முடியாவிட்டாலும் அகலத்தைக் கூட்டலாமே என்று, இடக்கோடியிலும் வலக்கோடியிலும் நான்கு விரல் அகலத்துக்கு, அதாவது 8 செ.மீ. அளவில், ஒவ்வோர் அகல்விளக்கு வரையச் சொன்னேன். தரையில் சுமார் 98 செ.மீ. இருந்த அகலம் 114 செ.மீ. ஆகிவிட, 98 செ.மீ. உயரம் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. நடுப்பூவின் இதழ்கள் நெட்டையாகத்தான் இருக்கும். ஆனால் மொத்த உருவம் சரியாக இருந்தால், தெருவில் போகிறவர்கள் எவரும் இதழை அளந்து பார்க்கப் போவதில்லை.

அடுத்தது வண்ணம். ஆறு இதழ்களுக்கு நான்கு வண்ணங்களைப் பிரித்தால் எப்படியும் ஒருபக்கம் சாய்ந்துதான் தெரியும். எதிரெதிர் இதழ்களில் ரோஸ் ஒரு ஜோடி, பச்சை ஒரு ஜோடி சரியாக அமைந்திருக்க, மிஞ்சிய ஜோடியில் ஓரிதழ் மஞ்சளாகவும் அதன் எதிரிதழ் ஊதாவாகவும் இருந்தன. போதாததற்கு, மஞ்சளை ஒட்டிய வெள்ளைக் கோடு இருக்குமிடமே தெரியவில்லை.

"எல்லா வண்ணத்தையும் காசு கொடுத்துத்தானே வாங்கினேன், எதை விடுவது?" என்றார் சித்தி. எதையும் விட வேண்டாம், மஞ்சளின் மேல் ஊதாவை அடர்த்தியாகத் தூவுங்கள் என்றேன். வெளிர்வண்ணத்தின் மேல் அடர்வண்ணம் உட்காரும். மாற்றிச் செய்தால் அழுக்குப் படிந்தாற்போல் இருக்கும். மீந்த மஞ்சளைப் பூவின் நடுவட்டத்தில் நிரப்பி, அதைச் சுற்றிக் காவி இழுத்துவிட்டால் மஞ்சளுக்கும் கரை கிடைத்துவிடும். நிரப்பும்போது வெள்ளைக் கோடுகளின் மேல் சிந்திய பொடி அவற்றை மங்கவைத்திருந்ததால், கடைசியாக ஒருமுறை கோடுகளின் மேலேயே வெள்ளை மாவை இழுக்கச் சொன்னேன். பனி ஈரம் காயாத மூலையில் ரோஸ் ஊறிப் பச்சைக்குள் போயிருந்ததற்கு மட்டும் என்னிடம் வைத்தியம் இல்லை.

திருத்திய கோலத்தின் படமும் நேர்மேலிருந்தே வந்தது. "இப்போதும் சப்பையாகத்தான் இருக்கிறது" என்று பெரியம்மா எழுதினார். சித்தி அதற்குக் கோலத்தைப் பற்றியதல்லாத ஒரு பதிலை எழுதத் தொடங்கியிருக்க, இடையில் சித்தப்பாவிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்து விழுந்தது: "இனி நான் முக்காலியிலிருந்து இறங்கலாமா, வேண்டாமா?"