கராஜ் நாட்குறிப்பு: குளிர்காற்று ஊதும் ஹீற்றர்

ஜனவரி 4, கிளிநொச்சி

நத்தார் விடுமுறைக்கு நுவரெலியாவுக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற வான் ஒன்று இன்று மாலை கராஜுக்கு வந்தது. யப்பானில் பாவித்து இங்கே இறக்குமதியான வண்டி. முன்னால் ஒரு ஹீற்றரும் பின்னிருக்கைக்காரருக்கென்று இன்னொன்றும் உண்டு. சாரதி அண்ணை சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: மலையில் ஏறும்போது ஹீற்றர் ஓரளவு சூடாக ஊதியிருக்கிறது, மேலே சென்று எஞ்சினை ஓடவிட்டபடி நிறுத்தியதும் காற்று குளிர்ந்துவிட்டது, டாஷ்போட்டுக்குள் தண்ணீர் குழாயில் ஓடுவதுபோல் சலசலவென்று சத்தம் கேட்டிருக்கிறது. வெப்பமானி முள் எல்லா நேரமும் நடுவிலேயே நின்றதாம்.

வன்னியில் ஹீற்றர் எதற்கு என்று கேட்பவர்கள் பலர். பொங்கலை ஒட்டிய விடியற்காலைகளில் மாங்குளத்துக்கும் புளியங்குளத்துக்கும் இடையே ஏ-9 வீதியில் பனி இறங்கும்போது முன்கண்ணாடியின் உட்பக்கத்தில் படியும் ஆவியைச் சூடான காற்றுக் கலைத்துவிடும் என்பதைத் தவிர, ஆண்டு முழுவதும் அதைத் திறக்க வேண்டிய தேவை இங்கே வருவதில்லை. அதனால்தான் பழுது வெளியே தெரிவதற்குள் முற்றிவிடுகிறது. ஆனால் ஹீற்றரில் ஓடுவது எஞ்சினைக் குளிர்விக்கும் அதே கூலன்ற்தான். ஆகவே அண்ணை சொன்னதைக் கேட்டதும் எனக்குக் குளிரைப் பற்றிய எண்ணம் வரவில்லை. இந்த எஞ்சினுக்குள் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்விதான் வந்தது. எஞ்சின் சூடாக இருந்ததால் ரேடியேற்றர் மூடியில் கைவைக்கவில்லை. அழுத்தத்தில் இருக்கும் கூலன்ற் மூடியைத் தளர்த்தியதும் கொதித்துச் சீறி முகத்தை வேகவைத்துவிடும்.

ஜனவரி 5

காலையில், எஞ்சின் முற்றாக ஆறியிருந்தபோது, முதலில் சேமிப்புத் தாங்கியைப் பார்த்தோம். அளவுக்கோடுகள் இரண்டுக்கும் நடுவே நீர் சரியாக நின்றது. “தம்பி, இதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறனான்” என்றார் அண்ணை. ரேடியேற்றர் மூடியைக் கழற்றினால் உள்ளே நீர் கண்ணுக்கே தெரியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது நல்லது. எஞ்சின் சூடாகும்போது விரியும் கூலன்ற் மூடியின் வழியே சேமிப்புத் தாங்கிக்குப் போகும். ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, மூடியின் நடுவிலுள்ள சிறிய வால்வு திறந்து, போனதெல்லாம் திரும்பி வரவேண்டும். ஆனால் எங்காவது ஒரு கிளிப் தளர்ந்திருந்தாலும், மூடியின் இறப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தாலும், ரேடியேற்றர் தாங்கியிலிருந்து நீரை இழுப்பதற்குப் பதிலாக அந்த இடைவெளியால் காற்றை இழுத்துக்கொள்கிறது. தாங்கி நிறைந்தபடியே இருக்க, ரேடியேற்றர் சிறிது சிறிதாக வற்றுகிறது. இந்த வானில் இரண்டு குறையும் இருந்தன: மூடியின் இறப்பர் வெடித்துப்போயிருந்தது, பின் ஹீற்றருக்குப் போகும் பைப்பின் கிளிப்பைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாக உப்புப் பூத்திருந்தது. கசிந்த கூலன்ற் காய்ந்துபோன தடம் அது. முன்னிருக்கைக் காலடியின் கம்பளம் காய்ந்திருந்ததாலும், உள்ளே இனிப்பான வாடை இல்லாததாலும், கண்ணாடியில் பிசுபிசுப்பு இல்லாததாலும் முன் ஹீற்றருக்குள் கூலன்ற் ஓடும் மெல்லிய குழாய்த் தொகுதியான கோர் ஒழுகவில்லை என்று தீர்மானித்தேன்.

மூடியையும் கிளிப்பையும் மாற்றிய பின் நிரப்பத் தொடங்கினோம். ஒன்றரை லீற்றருக்கும் மேல் குடித்தது. நிரப்புவதைவிட உள்ளே அகப்பட்ட காற்றை வெளியேற்றுவதே பெரிய வேலை. நீர் குறையும்போது காற்று உயரமான இடத்தைத் தேடிப் போகும். முன் ஹீற்றரின் கோர் பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் இருக்கிறது. கூலன்றை ஓடவைக்கும் வோட்டர் பம் மெதுவாகச் சுழலும்போது அந்தக் காற்றுப்பொதியைத் தள்ள வலு போதாது, வேகம் கூடினால் கொஞ்சம் நீர் கடந்துவிடும். அண்ணை மலையில் கண்ட மாற்றத்துக்கு அதுதான் காரணம்.

வண்டியின் மூக்கை உயர்த்தி நிறுத்தினால் காற்று ரேடியேற்றர் வாயை நோக்கி ஏறிவரும். வன்னியின் தட்டையான நிலத்தில் மேட்டுக்கு எங்கே போவது? குளக்கட்டுக்கு ஏறும் சாய்வில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கல் வைத்து, கைப்பிறேக்கும் இழுத்தோம். ஹீற்றர்க் குமிழ்கள் இரண்டையும் முழுச் சூட்டில் வைத்து, மூடி திறந்த நிலையில் எஞ்சினை இயக்கினோம். ரேடியேற்றரின் மேல் பைப் வெகுநேரம் குளிர்ந்தே இருந்து பின்னர் திடீரெனச் சூடேறியது; ஆகவே எஞ்சின் சூடாகும்வரை ரேடியேற்றருக்கான வழியை மூடிவைக்கும் தேர்மோஸ்ற்றற் திறந்தபடி சிக்கிக்கொள்ளவில்லை என்பதும் போகிற போக்கில் உறுதியாயிற்று. அது திறந்ததும் குமிழிகள் பொங்கி வந்து நீர்மட்டம் இறங்கியது. இறங்கும்தோறும் ஊற்றினோம். குமிழிகள் ஒழிந்தன என்பதில் எனக்குப் பெரிய நிம்மதி. எஞ்சினின் வேகத்தைக் கூட்டக் கூட்ட அவை முடிவில்லாமல் வந்துகொண்டே இருந்தால் சிலிண்டர் ஹெட் காஸ்கெற் போய் சிலிண்டருக்குள் எரிந்த வாயு கூலன்றுக்குள் நுழைகிறது என்று பொருள், செலவு வேறு கணக்குக்குப் போயிருக்கும்.

சலசலப்புச் சத்தம் நின்றுவிட்டது. ஆனால் முன் ஹீற்றர் இன்னும் வெதுவெதுப்பாகவே ஊதுகிறது, பின்னது அதுவும் இல்லை.

ஜனவரி 6

காற்று போன பிறகும் சூடு வரவில்லை என்றால் கையை வைக்கவேண்டிய இடம் ஹீற்றருக்குப் போகும் பைப்பும் திரும்பி வரும் பைப்பும்தான். இரண்டும் சுட்டால் கூலன்ற் தன் வேலையைச் செய்கிறது, குறை காற்றைத் திருப்பும் தட்டியிலோ அதன் கேபிளிலோ இருக்கும். ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் ஓட்டம் இடையில் தடைப்படுகிறது. வழியில் வால்வு இருந்தால், அது திறக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும், இங்கே திறந்தது. வெப்பம் அளக்கும் கருவியைப் பிடித்துப் பார்த்தேன்: முன் ஹீற்றருக்குள் போவது 83 பாகை, திரும்பி வருவது 44. எஞ்சினின் வேகத்தைக் கூட்டினாலும் அந்த இடைவெளி அவ்வளவாக மாறவில்லை. காற்று அகப்பட்டிருந்தால் வேகத்தோடு ஏறி இறங்கும். இது அடைப்பு.

நேற்றே கோரைக் கழுவியிருக்கலாமே என்றான் என்னிடம் வேலை பழகும் பையன். அப்படிச் செய்திருந்தால் வண்டி குணமாகியிருக்கும், எது காரணம் என்பது மட்டும் தெரியாமலேயே போயிருக்கும்.

ஜனவரி 8

இன்று முழுவதும் கழுவல்தான். பழைய கூலன்றை வாளியில் பிடித்து மூடிய கலனில் ஊற்றி வைத்தோம், ஏனென்றால் அது நஞ்சு, அதன் இனிப்புக்கு நாயும் ஆடும் வந்து நக்கும். நிறம் பச்சையாக இருக்கவேண்டியது தேயிலைச் சாயம்போல் இருந்தது.

அண்ணையிடம் கேட்டதில், தண்ணீர் குறைந்தபோதெல்லாம் வழியில் கிடைத்த கிணற்றுத் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். நம் பகுதிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. வீட்டுக் கேத்தலின் அடியில் படியும் வெள்ளை ஓடு எஞ்சினுக்குள்ளும் அப்படியே படிகிறது. கூலன்றில் துருப்பிடிப்பைத் தடுக்கும் மருந்து உண்டு. தண்ணீரை மேலும் மேலும் ஊற்ற அது நீர்த்துப்போய் இரும்புப் பகுதிகள் துருவை உதிர்க்கத் தொடங்கும். ஹீற்றர் கோரின் குழாய்கள் ரேடியேற்றரினவற்றைவிட ஒடுக்கமானவை. அதிலும் வால்வு ஆண்டு முழுவதும் மூடியே கிடக்கும் வண்டியில் அங்கே ஓட்டமே இல்லை, ஆகவே துருவும் சுண்ணாம்பும் தங்கிவிடுகின்றன. மாதத்துக்கு ஒருமுறையாவது ஹீற்றரைச் சில நிமிடம் திறந்துவிடுங்கள் என்று நான் சாரதிமாரிடம் சொன்னால் வெயிலில் கிறுக்குப் பிடித்துவிட்டதா என்பதுபோல் பார்க்கிறார்கள்.

இரண்டு பைப்புகளையும் கழற்றி, நீர் வழக்கமாக வெளியேறும் வாயால் எதிர்த்திசையில் தண்ணீர் விட்டோம். வந்த வழியே தள்ளினால்தான் சிக்கிய துகள் வெளியே வரும். அமுக்கம் தோட்டக்குழாயின் அளவைத் தாண்டக்கூடாது. அலுமினியக் கோர் மெல்லியது, மூட்டுகள் பிரிந்தால் முழு டாஷ்போட்டையும் இறக்கவேண்டிவரும். முதலில் செங்கல் நிறத்தில் குழம்பு வந்தது, பின்னர் நகத்துண்டு போன்ற வெள்ளைச் செதில்கள். திசையை மாற்றி மாற்றி விட்டோம். ரேடியேற்றர் கழுவுவதற்கென்றே விற்கும் திரவத்தை அதன் போத்தலில் எழுதியபடி கலந்து ஊறவைத்தோம். கழிப்பறை கழுவும் அமிலத்தை ஊற்றினால் விரைவில் முடியும் என்று சிலர் சொல்வார்கள். அது சுண்ணாம்போடு அலுமினியத்தையும் தின்றுவிடும், நான் அதற்கு உடன்படுவதில்லை.

தொடக்கத்தில் 10 லீற்றர் வாளி நிறைய ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுத்தது, மாலையில் அதே குழாயில் ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைந்தது. பின் ஹீற்றரின் கோரிலிருந்து மட்டும் நூல்போல்தான் நீர் வருகிறது. எவ்வளவு ஊறவைத்தும் திறக்கவில்லை.

ஜனவரி 9

கழுவிய தண்ணீரும் கிணற்றுத் தண்ணீர்தான் என்பதால் கடைசியில் பற்றறிக்கு ஊற்றும் வடிகட்டிய நீரால் அலசினோம். பின்னர் செறிவான கூலன்றையும் அதே நீரையும் சரிபாதியாகக் கலந்து ஊற்றினோம். கலந்தே விற்பதை வாங்கினால் மேலும் நீர் சேர்க்கக்கூடாது. மறுபடியும் குளக்கட்டு, மறுபடியும் குமிழிகள். அளந்தபோது முன் ஹீற்றருக்குள் போவது 84, வருவது 72. கையை நீட்டிவைக்க முடியாத சூட்டில் காற்று வந்தது.

பின் ஹீற்றரைப் பற்றி அண்ணையுடன் பேசினேன். இங்கே பல கராஜ்களில் ஹீற்றர் தொல்லை தந்தால் போகும் பைப்பையும் வரும் பைப்பையும் ஒன்றாக இணைத்து, கோரை ஒதுக்கிவிடுவது வழக்கம். முன் ஹீற்றருக்கு நான் அதைச் செய்யமாட்டேன். பனியில் கண்ணாடி தெளிவதற்கு அது வேண்டும். கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் சூடேறினால், வண்டியை ஒதுக்கும்வரை ஹீற்றரை முழுதாகத் திறந்து கொஞ்சம் வெப்பத்தை வெளியேற்றவும் உதவும். பின் ஹீற்றர் வேறு கதை. புதிய கோர் கிடைக்கும்வரை அதன் பைப்புகளைத் தரைக்கு அடியில் இணைத்து, கிளிப் போட்டு இறுக்கினோம்.

ஜனவரி 20

பொங்கல் கழிந்து, நுவரெலியாவுக்குப் போய்வந்த வான் இன்று காலை மறுபடி வந்தது. 1,868 மீற்றர் உயரத்தில், இரவுக் குளிரில், எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தியபோதும் முன் ஹீற்றர் சூடாகவே ஊதியிருக்கிறது. பின்னிருக்கைக்காரர் போர்வையோடு போயிருக்கிறார்கள். எஞ்சின் ஆறிய பிறகு மூடியைத் திறந்தோம்: நீர் கழுத்து விளிம்பில். தாங்கியின் மட்டம் நான் போட்ட பேனாக் கோட்டுக்கு ஒரு விரலளவு கீழே இருந்தது. மூடி இப்போது ஒழுங்காக இழுக்கிறது, கடைசியாக மிஞ்சிய காற்றுக்குப் பதிலாகத்தான் அந்த நீர் உள்ளே போயிருக்கவேண்டும். கோடுவரை ஊற்றிவிட்டு, அடுத்த கிழமை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அப்போதும் இறங்கியிருந்தால் அமுக்கக் கருவியைப் பூட்டிக் கசிவைத் தேடுவோம், முதலில், பம்மின் சீல் பழுதானால் நீர் கசியும் அதன் அடித்துளையிலிருந்து.