பச்சை மாங்கனேட்டு எப்போது ஊதாவாகும்?

மாங்கனீஸின் +6 நிலை நிலைக்குமா, உடையுமா என்று கணித்துவிட்டு, கணிப்பைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்பதுதான் எனக்கிருந்த வேலை. லாட்டிமர் வரைபடத்தில் இதற்குத் தேவையானது ஒரு சின்னத் துண்டு மட்டுமே. அமிலக் கரைசலுக்கு அது இப்படி இருக்கும்:

MnO₄⁻ —(0.56)→ MnO₄²⁻ —(2.26)→ MnO₂

இடக்கோடியில் +7, நடுவில் +6, வலக்கோடியில் +4. அம்புக்குறி மேல் இருப்பவை திட்ட ஒடுக்க மின்னழுத்தங்கள், வோல்ட்டில். நடுவில் இருப்பதற்கு வலப்பக்க எண் இடப்பக்க எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் அது விகிதச் சிதைவு அடையும், அதாவது ஒரு பகுதி இடப்பக்க நிலைக்கும் மறுபகுதி வலப்பக்க நிலைக்கும் பிரிந்துபோகும். இங்கே 2.26 − 0.56 = 1.70 வோல்ட். இவ்வளவு பெரிய நேர்க்குறி எண் வந்தால் யோசிக்கவே வேண்டாம்:

3MnO₄²⁻ + 4H⁺ → 2MnO₄⁻ + MnO₂ + 2H₂O

மூன்று மாங்கனேட்டு அயனிகளில் இரண்டு தலா ஓர் எலக்ட்ரானை இழந்து பெர்மாங்கனேட்டு ஆகின்றன. மூன்றாவது அந்த இரண்டையும் வாங்கிக்கொண்டு MnO₂ ஆகிறது.

சரி, அப்படியென்றால் பச்சை மாங்கனேட்டுக் கரைசல் எப்படி இருக்க முடிகிறது? அடர்ந்த KOH கரைசலில் கொஞ்சம் பெர்மாங்கனேட்டைப் போட்டுச் சூடாக்கினேன். ஊதா நிறம் மெல்ல நீலத்தைத் தொட்டு, பிறகு நல்ல பச்சையானது. ஆறிய பிறகும் பச்சையாகவே இருந்தது. காரக் கரைசலுக்கான வரைபடத்தைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. அங்கே இடப்பக்கம் அதே 0.56; வலப்பக்கம் மட்டும் 0.60. வித்தியாசம் வெறும் 0.04 வோல்ட்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது, 2.26-உம் 0.60-உம் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டிய எண்கள் அல்ல என்பது. MnO₄²⁻ இரண்டு எலக்ட்ரான்களை வாங்கி MnO₂ ஆகும்போது நான்கு H⁺ செலவாகின்றன. ஆகவே pH ஓர் அலகு ஏறினால் இந்த மின்னழுத்தம் (4/2) × 0.059, அதாவது 0.118 வோல்ட் இறங்கும். pH 0-இலிருந்து 14 வரை போனால் 1.66 வோல்ட் இறக்கம். 2.26-இல் அதைக் கழித்தால் 0.60! இடப்பக்கப் படியில் H⁺ எதுவும் செலவாவதில்லை, அதனால் 0.56 அசைவதே இல்லை. இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்துவிட்டால், இடைப்பட்ட எந்த pH-க்கும் வரைபடத்தை நாமே எழுதிக்கொள்ளலாம். pH 7-இல் வலப்பக்கம் ஏறக்குறைய 1.43. அங்கேயும் மாங்கனேட்டு உடைந்தே தீரும்.

காரத்தில் வரும் 0.04-ஐப் பார்த்து ‘நேர்க்குறி, ஆகவே உடையும்’ என்று அவசரப்பட்டு முடிக்கக்கூடாது. மாறும் எலக்ட்ரான்கள் 2 என்பதால் log K = 2 × 0.04 / 0.059, K சுமார் 22. காரத்தில் இதே வினையை எழுதினால் இடப்பக்கத்து 4H⁺-க்குப் பதிலாக வலப்பக்கத்தில் 4OH⁻ வரும்; ஆகவே சமநிலைக் கோவையின் மேல்பகுதியில் [OH⁻]⁴ நிற்கிறது. அதனால் 1 மோலார் காரத்தில் 0.01 மோலார் மாங்கனேட்டு மிச்சமிருந்தால், அதோடு சமநிலையில் 0.005 மோலார் அளவுக்குப் பெர்மாங்கனேட்டும் இருக்கும். நிறம் கலங்கித் தெரியும். காரத்தை 10 மோலார் ஆக்கினால் பெர்மாங்கனேட்டு நூறில் ஒரு பங்காகக் குறையும், பச்சை தெளிவாக நிற்கும். அடர் காரம்தான் வேண்டும் என்று செய்முறைகள் சொல்வது இதனால்தான்.

பச்சைக் கரைசலில் கொஞ்சம் எடுத்து நீர்த்த கந்தக அமிலத்தில் விட்டதும் உடனே ஊதா. பழுப்புத் துகள்கள் மெதுவாக அடியில் படிந்தன. வெறும் தண்ணீரில் ஊற்றியதிலும் அதேதான் நடந்தது, ஆனால் நிதானமாக. வேகத்தைப் பற்றி வரைபடம் எதுவும் சொல்லாது, திசையை மட்டுமே சொல்லும். திறந்து வைத்த கரைசல் காற்றின் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சி, காரத்தன்மை குறைந்து, அதே வழியில் போகும்.

கண் வைக்க வேண்டியது ஒன்று உண்டு. பழுப்பு வீழ்படிவு வந்துவிட்டதாலேயே விகிதச் சிதைவு நடந்தது என்று சொல்லிவிட முடியாது. வடிதாளோ, தூசியோ, ஆல்கஹாலின் மிச்சமோ மாங்கனேட்டை ஒடுக்கினாலும் அதே MnO₂ வரும். அப்போது மேலே நிற்கும் கரைசலில் ஊதா இருக்காது. அதனால் வடிதாளைத் தவிர்த்துக் கண்ணாடித்தூள் வடிகட்டியில் வடித்தேன். கீழே இறங்கிய திரவம் அடர் ஊதாவாக இருந்தது. மாங்கனீஸில் மூன்றில் இரண்டு பங்கு அங்கேதான் இருக்க வேண்டும். வடிகட்டியில் தங்கிய பழுப்பு மீதி ஒரு பங்கு.